விசா செல்லும், கையெழுத்து செல்லுமா?

நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை முடிந்ததும், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் வெளிநாட்டு மாணவர் அலுவலகங்களில் ஒரே மாதிரியான விண்ணப்பங்கள் குவியத் தொடங்கும். கடைசித் தேர்வு முடிந்த கையோடு சென்னைக்கோ ஹைதராபாத்துக்கோ விமானம் ஏறக் காத்திருக்கும் பிள்ளைகள் கேட்பதெல்லாம் ஒரு ‘ட்ராவல் சிக்னேச்சர்’. ஐ-20 என்ற மூன்று பக்கப் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் சில காலி வரிகளோடு ஒரு கட்டம் இருக்கும். அதில் பல்கலைக்கழக அதிகாரி ஒருவர் பெயர், பதவி, கையெழுத்து, தேதி, ஊர் என்று ஒரு வரியை நிரப்பித் தருவார். விஷயம் அவ்வளவுதான். அந்த ஒரு வரி இல்லாமல் ஜனவரியில் திரும்பி வருகிறவர், செல்லுபடியாகும் விசா பாஸ்போர்ட்டில் பளிச்சென்று ஒட்டியிருந்தாலும், விமான நிலையத்தில் தனி அறைக்கு அழைத்துச் செல்லப்படலாம்.

2015இல் படிவத்தின் அமைப்பை மாற்றும்வரை இந்தக் கட்டம் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அந்தக் காலத்தில் படித்துவிட்டு இப்போது வேலையில் இருக்கிற அண்ணன்மார்கள் இன்னும், “மூணாவது பக்கத்துல சைன் வாங்கிட்டியா?” என்றுதான் தம்பிகளைக் கேட்கிறார்கள். தம்பி மூன்றாம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் அங்கே பொடி எழுத்தில் விதிமுறைகள் மட்டும்தான் இருக்கும்.

இந்தக் குழப்பங்களுக்கெல்லாம் வேர் ஒன்றுதான். மாணவர் கையில் இருக்கும் விசா ஒரு துறை தந்தது, ஐ-20 இன்னொரு துறையின் ஆட்சிக்கு உட்பட்டது. விசா கொடுப்பது வெளியுறவுத் துறை. சென்னையில் அண்ணா சாலையில், ஜெமினி மேம்பாலத்தை ஒட்டி இருக்கும் துணைத் தூதரகம் அந்தத் துறையைச் சேர்ந்தது. விசாவின் வேலை, விமானம் ஏறி அமெரிக்க எல்லைவரை போய் ‘உள்ளே விடுங்கள்’ என்று கேட்க அனுமதிப்பது. கேட்டவரை உள்ளே விடுவதா, எந்த அந்தஸ்தில் விடுவது, எவ்வளவு காலம் இருக்கலாம் என்பதையெல்லாம் முடிவு செய்வது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை. அந்தத் துறைக்கு மாணவரை அடையாளம் காட்டும் தாள்தான் ஐ-20. அதனால் இரண்டு விசித்திரமான நிலைமைகள் சாத்தியம். விசா காலாவதியாகி இரண்டு வருடம் ஆன மாணவர், ஐ-20 சரியாக இருந்தால், அமெரிக்காவுக்குள் முழுக்கச் சட்டப்படி படித்துக்கொண்டிருக்கலாம். மறுபுறம், விசாவில் இன்னும் மூன்று வருடம் மிச்சமிருக்கும் மாணவர் படிப்பை விட்டுவிட்டாலோ பதிவு ரத்தானாலோ, அந்த விசாவைக் காட்டி உள்ளே வர முடியாது.

கையெழுத்துப் போடுகிறவருக்கு டி.எஸ்.ஓ. என்று பெயர். சம்பளம் வாங்குவது பல்கலைக்கழகத்தில். ஆனால் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ‘செவிஸ்’ என்ற கணினிப் பதிவேட்டில் நுழைந்து மாணவரின் விவரங்களை மாற்றவும், பதிவை முடித்துவைக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. அவர் பேனாவை எடுப்பதற்கு முன் பார்ப்பது இவைதான்: மாணவர் இந்தப் பருவத்தில் முழுநேரப் பாடச் சுமை எடுத்திருக்கிறாரா, அடுத்த பருவத்துக்குப் பதிவு செய்திருக்கிறாரா, ஐ-20இல் போட்டிருக்கும் படிப்பு முடியும் தேதி இன்னும் தாண்டவில்லையா, செவிஸ் பதிவு ‘Active’ என்று காட்டுகிறதா. இந்தப் பிள்ளை ஒழுங்காகப் படிக்கிறது, விடுமுறைக்குத்தான் போகிறது, வந்து தொடரும் என்று எல்லை அதிகாரிக்கு அவர் எழுத்தில் சொல்கிற உறுதிமொழி அது. அதனால்தான் கடைசி நாளில், வகுப்புக்கே போகாமல் ஒரு பாடத்தை விட்டுவிட்ட விஷயம் வெளியே வந்து, ‘முதலில் இதைப் பேசலாம், உட்காருங்கள்’ என்ற பதில் சில மாணவர்களுக்குக் கிடைக்கிறது. டிக்கெட் வாங்கிய பிறகு அந்த உரையாடல் நடப்பது நல்லதல்ல.

படிக்கிற மாணவருக்கு இந்தக் கையெழுத்து 12 மாதம் செல்லும். முதல்முறை கல்லூரியில் சேர வரும்போது அது தேவையில்லை. இரண்டாவது நுழைவிலிருந்துதான் கேட்கிறார்கள். இந்த 12 மாதக் கணக்கில்தான் முக்கால்வாசிப் பேர் சறுக்குகிறார்கள், ஏனென்றால் பார்க்க வேண்டிய தேதி திரும்பி வருகிற தேதி. கிளம்பும்போது அமெரிக்காவில் யாரும் ஐ-20ஐக் கேட்பதில்லை. திரும்பும்போது, அமெரிக்க அதிகாரி முன் நிற்கிற நாளில், அந்தக் கையெழுத்துக்கு ஒரு வயது ஆகியிருக்கக் கூடாது.

ஒரு மதுரைக்கார மாணவரைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். 2022 ஆகஸ்டில் டெக்சாஸில் எம்.எஸ். சேர்ந்தார். 2022 ஜூலையில் சென்னையில் வாங்கிய எஃப்-1 விசா ஐந்து வருடத்துக்கானது, 2027 ஜூலைவரை இருக்கிறது. 2024இல் எம்.எஸ். முடித்து வேறு மாநிலத்தில் பிஎச்.டி.க்கு மாறினார். அக்கா கல்யாணத்துக்காக 2025 டிசம்பர் 14 கிளம்பி, 2026 ஜனவரி 11 ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்குவதாக டிக்கெட். மறுநாள் திங்கள்கிழமை வகுப்பு.

இவருடைய முதல் கவலை, விசாவில் பழைய கல்லூரியின் பெயர் அச்சாகியிருக்கிறதே என்பது. அதில் பயப்பட ஒன்றுமில்லை. கல்லூரி மாறும்போது செவிஸ் பதிவையும் முறையாக மாற்றிக்கொண்டிருந்தால் செவிஸ் எண் அப்படியே தொடரும், விசாவும் செல்லும். கையில் புதுக் கல்லூரியின் ஐ-20 இருந்தால் போதும். அதை நினைத்துத் தூக்கம் கெட்டவர், கவலைப்பட வேண்டிய விஷயத்தைக் கவனிக்கவில்லை. அவருடைய ட்ராவல் சிக்னேச்சரின் தேதி 2025 ஜனவரி 9. கிளம்புகிற அன்று அது நன்றாகவே செல்லும். வந்து இறங்குகிற அன்று இரண்டு நாள் கடந்திருக்கும்.

இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு, அதுதான் நிறையப் பேருக்குத் தெரியாதது. செப்டம்பரில் இவருடைய உதவித்தொகை பாடம் எடுக்கும் உதவியாளர் பணியிலிருந்து ஆய்வு உதவியாளர் பணிக்கு மாறியது. தொகையும் மாறியதால் அலுவலகம் புது ஐ-20 அச்சிட்டு மின்னஞ்சலில் அனுப்பியது. பாடப்பிரிவு மாறினாலும், படிப்புக் காலத்தை நீட்டினாலும், பணக் கணக்கு மாறினாலும் இப்படிப் புதுப் படிவம் வரும். அதன் இரண்டாம் பக்கம் காலியாக இருக்கும். பழைய படிவத்தில் இருந்த கையெழுத்து தானாகப் புதியதில் வந்து உட்காராது. ஆக இவர் கையில், கையெழுத்துள்ள பழைய தாளும் கையெழுத்தில்லாத புதுத் தாளும் இருக்கின்றன. எல்லையில் செல்வது புதியது.

இவர் டிசம்பர் 10ஆம் தேதி விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தேர்வு வாரம், அலுவலகத்தில் கூட்டம், ஐந்து வேலை நாள் ஆகும் என்று தானியங்கிப் பதில் வருகிறது. அதற்குள் இவர் மதுரையில் இருப்பார். நல்லவேளையாக இது இன்று ஊரிலிருந்தே தீர்கிற சிக்கல். கோவிட் காலத்தில், 2020இல், ஐ-20ஐ மின்னஞ்சலில் அனுப்பவும் மின்னணுக் கையெழுத்துப் போடவும் அனுமதி வந்தது, அந்த வழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது. முன்பெல்லாம் மூலத்தாள் கூரியரில் வந்து சேரும்வரை வீடே வாசலைப் பார்த்துக் காத்திருக்கும். இப்போது டவுன்ஹால் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பிடிஎஃப்பைக் கொடுத்து, மூன்று பக்கத்தையும் தெளிவாக அச்செடுத்து, முதல் பக்கத்தில் மாணவர் பேனாவால் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. அந்த முதல் பக்கக் கையெழுத்தைத்தான் நிறையப் பேர் மறந்துவிட்டு, விமான நிலைய வரிசையில் முன்னால் நிற்பவரிடம் பேனா கேட்கிறார்கள். ஒரே நிபந்தனை, கேட்பதை டிசம்பர் 22க்குள் கேட்டுவிட வேண்டும். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை பல பல்கலைக்கழக அலுவலகங்கள் பூட்டிக்கிடக்கும்.

சரி, எல்லாம் வாங்கியாயிற்று, திரும்புகிற நாள். சோதனை சென்னையிலேயே தொடங்கிவிடும். செக்-இன் கவுன்ட்டரில் விமான நிறுவன ஊழியர் பாஸ்போர்ட், விசா இரண்டையும் பார்ப்பார், பல சமயம் ஐ-20ஐயும் கேட்பார். அமெரிக்காவில் நுழைய விடாமல் திருப்பி அனுப்பப்படும் பயணியைக் கூட்டிவருகிற செலவு நிறுவனத்தின் தலையில் விழும் என்பதால் அவர்களுக்கு இதில் அக்கறை அதிகம். ஐ-20ஐச் செக்-இன் பெட்டிக்குள், துணிக்கு அடியில் பத்திரமாக வைத்த பெற்றோர் உண்டு. பெட்டி போன பிறகுதான் பிள்ளைக்கு வியர்க்கும். கைப்பையில் மட்டும்தான் இருக்க வேண்டும்.

அபுதாபி வழியாகப் போகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். 2014 முதல் அங்கே அமெரிக்க அதிகாரிகளே உட்கார்ந்து நுழைவுச் சோதனை செய்கிறார்கள். அதாவது அமெரிக்க எல்லை அபுதாபி விமான நிலையத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. அங்கே முத்திரை விழுந்தால் நியூயார்க்கிலோ சிகாகோவிலோ உள்நாட்டுப் பயணி போல் இறங்கி நடந்துவிடலாம், பெரிய வசதி. தாளில் குறை இருந்தால் கதை வேறு. அப்போது நிற்பது அமெரிக்க மண்ணில் இல்லை, வளைகுடாவில். அடுத்த விமானத்தில் ஏறவே முடியாமல் போகலாம். அபுதாபியில் விமானம் மாற இரண்டு மணி நேரமே இருக்கிற டிக்கெட்டை இந்தக் காரணத்துக்காகவே நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

கையெழுத்து இல்லாமலோ காலாவதியான கையெழுத்தோடோ எல்லை அதிகாரி முன் நின்றால் என்ன ஆகும்? திருப்பி அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு. ஆனால் செவிஸில் பதிவு நன்றாக இருந்து, மற்ற தாள்களும் சரியாக இருந்தால், பெரும்பாலும் ஐ-515ஏ என்ற தாளைக் கையில் கொடுத்து உள்ளே விடுவார்கள். அதைப் பார்த்து, ‘தப்பித்தோம்’ என்று பெட்டியில் போட்டுவிடுகிறவர்கள்தான் உண்மையில் மாட்டிக்கொள்கிறார்கள். அந்தத் தாளின் அர்த்தம், உங்களுக்கு 30 நாள் மட்டும் அவகாசம், அதற்குள் விடுபட்ட ஆவணத்தை மாணவர் விசாத் திட்டத்தைக் கவனிக்கும் அலுவலகத்துக்கு அனுப்பிச் சரிசெய்ய வேண்டும் என்பது. மறுநாள் காலையே டி.எஸ்.ஓ.விடம் போய்க் கையெழுத்து வாங்கி, ஐ-515ஏயோடு சேர்த்து அனுப்பிவிட்டால் சில வாரங்களில் முடிந்துவிடும். 30 நாள் தாண்டினால் மாணவர் அந்தஸ்தே போய்விடும், அதை மீட்பது பெரும்பாடு.

இது நேர்ந்ததா இல்லையா என்பதை மாணவரே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவுக்குள் நுழைந்த பதிவுக்கு ஐ-94 என்று பெயர். முன்பு பாஸ்போர்ட்டில் ஸ்டேப்ளர் அடித்த வெள்ளைச் சீட்டாக இருந்தது, விமானப் பயணிகளுக்கு 2013இலிருந்து கணினிப் பதிவாகிவிட்டது. இறங்கிய ஓரிரு நாளில் i94.cbp.dhs.gov தளத்தில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் கொடுத்து எடுத்துப் பார்க்க வேண்டும். வகுப்பு என்ற இடத்தில் F-1 என்றும், எதுவரை தங்கலாம் என்ற இடத்தில் D/S என்றும் இருந்தால் நலம். D/S என்றால் குறிப்பிட்ட தேதி இல்லை, மாணவராக இருக்கும்வரை இருக்கலாம் என்று பொருள். அந்த இடத்தில் ஒரு தேதி இருந்தால் ஐ-515ஏ கொடுத்திருக்கிறார்கள், அல்லது அதிகாரி தவறாகப் பதிந்துவிட்டார். தவறு என்றால் அன்றே அலுவலகத்தில் சொல்ல வேண்டும், பிறகு சொன்னால் நம்புவது கஷ்டம். எத்தனை கையெழுத்து வாங்கிக் கொடுத்தாலும் இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்கிற மாணவர்கள் குறைவு. இந்த D/S முறையையே எடுத்துவிட்டு, அதிகபட்சம் நான்கு வருடம் என்று தேதி போட்டு அனுமதிக்கும் விதியை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2025 ஆகஸ்டில் முன்மொழிந்தது. ஆகவே ஐ-94இல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் இனி இன்னும் அவசியமாகும்.

இதுவரை சொன்னது விசாவில் காலம் மிச்சமிருப்பவர்களின் கதை. விசா முடிந்துவிட்டவர்களுக்குக் கையெழுத்து மட்டும் போதாது. ஊருக்கு வந்தால் புது விசா ‘ஸ்டாம்பிங்’ ஆகாமல் திரும்ப முடியாது, அதை அமெரிக்காவுக்குள் இருந்துகொண்டு வாங்கவும் முடியாது. சில வருடங்களுக்கு முன் இது இவ்வளவு கடினமாக இல்லை. பழைய விசா முடிந்து அதிகக் காலம் ஆகாதவர்களுக்கு நேர்காணல் இல்லாமல் பாஸ்போர்ட்டைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகும் வசதி இருந்தது. ‘டிராப்பாக்ஸ்’ என்று எல்லோருக்கும் தெரிந்த வசதி அது. 2025 செப்டம்பர் 2 முதல் மாணவர் விசாவுக்கு அது எடுக்கப்பட்டுவிட்டது. நேரில் நிற்க வேண்டும். மெக்சிகோவிலோ ஐரோப்பாவிலோ நேர்காணல் தேதி சீக்கிரம் கிடைக்கிறது என்று அங்கே போய் வாங்கும் உத்தியும் அதே மாதத்தோடு மங்கிவிட்டது. விண்ணப்பதாரர் தன் குடியுரிமை நாட்டிலோ சட்டப்படி வசிக்கும் நாட்டிலோ விண்ணப்பிக்க வேண்டும் என்று வெளியுறவுத் துறை அறிவித்துவிட்டது. அதற்கு முன்பே, 2025 ஜூனில், மாணவர் விசா கேட்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்துவைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது.

ஆகவே நான்கு வார குளிர்கால விடுமுறைக்குள் ஸ்டாம்பிங்கை நுழைப்பது இப்போது சூதாட்டம் மாதிரி. கைரேகைப் பதிவுக்கு ஒரு நாள், தூதரக நேர்காணலுக்கு இன்னொரு நாள், அச்சாகிப் பாஸ்போர்ட் திரும்பச் சில நாள். இது எல்லாம் ஒழுங்காக நடந்தால். நேர்காணல் முடிந்து அதிகாரி ‘221(g)’ என்று எழுதிய சீட்டைக் கொடுத்தால் விண்ணப்பம் மேல்விசாரணைக்குப் போகிறது என்று பொருள். செமிகண்டக்டர், விண்வெளி, அணு, ரோபோட்டிக்ஸ் மாதிரித் துறைகளில் ஆய்வு செய்கிறவர்களுக்கு இந்தச் சீட்டு வருவது சகஜம். அது சில வாரம் ஆகலாம், சில மாதமும் ஆகலாம், வேகப்படுத்த யாராலும் முடியாது. ஆய்வு மாணவராக இருந்தால் தன் ஆய்வு என்ன, எதற்குப் பயன்படும் என்று வழிகாட்டிப் பேராசிரியரிடம் சாதாரண மொழியில் ஒரு பக்கக் கடிதம் வாங்கிக்கொண்டு வருவது உபயோகமான காரியம். இதைவிட முக்கியம், கோடை விடுமுறை இருக்கிறவர்கள் ஸ்டாம்பிங்கைக் கோடைக்குத் தள்ளிவைப்பது. அப்போதுகூட ஒரு எல்லை உண்டு. ஐந்து மாதத்துக்கு மேல் வெளியே இருந்துவிட்டால் பழைய ஐ-20ஐக் காட்டித் திரும்புகிற உரிமை போய்விடும், புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும்.

ஸ்டாம்பிங்கில் மிகவும் சிக்குகிற ஒரு கூட்டம் நம்மவர்களிடையே நிறையவே இருக்கிறது. பெற்றோர் எச்-1பி விசாவில் வேலைக்குப் போன குடும்பங்கள். பிள்ளைகள் சின்ன வயதில் எச்-4 விசாவில் போய், அங்கேயே பள்ளி முடித்து, 21 வயது நெருங்கும்போது அமெரிக்காவுக்குள் இருந்தபடியே எஃப்-1 அந்தஸ்துக்கு மாறிவிடுவார்கள். அந்தஸ்து மாறும், பாஸ்போர்ட்டில் எஃப்-1 விசா ஒட்டப்பட்டிருக்காது. உள்ளேயே இருக்கும்வரை அது ஒரு குறையே இல்லை. தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை என்று விடுமுறைக்குத் தஞ்சாவூருக்கு வந்துவிட்டால், திரும்பிப் போக முதல்முறையாக மாணவர் விசா கேட்டு அண்ணா சாலைக்குப் போக வேண்டும். அங்கே கேட்கப்படும் கேள்வி, ‘படிப்பு முடிந்ததும் ஊர் திரும்புவீர்களா?’ என்பதுதான். பத்து வருடமாக அங்கேயே வளர்ந்து, பெற்றோரின் கிரீன் கார்டு விண்ணப்பம் வரிசையில் நிற்கும் பிள்ளை இதற்கு என்ன பதில் சொல்லும்? மாணவர் விசா கேட்கிறவரை, மாறாக நிரூபிக்கும்வரை, குடியேற வருகிறவராகவே கருத வேண்டும் என்று சட்டத்தின் 214(b) பிரிவு அதிகாரிக்குச் சொல்கிறது. தமிழில் சரளமாகப் பேசத் தெரிவதெல்லாம் அங்கே கணக்கில் வராது. இந்தப் பிள்ளைகளில் சிலர் நான்கு வருடப் படிப்பு முழுக்க நாட்டைவிட்டு நகராமலே இருக்கிறார்கள். கல்யாணத்துக்கு வரவில்லை, வளர்ந்ததும் திமிர் பிடித்துவிட்டது என்று இங்கே உறவினர் பேசுவார்கள். வந்தால் திரும்பிப் போக முடியுமா என்று தெரியாமல்தான் அந்தப் பிள்ளை வரவில்லை.

விசா முடிந்தவர்களுக்கு ஒரே ஒரு சந்து திறந்திருக்கிறது, அது கனடா வழியாகப் போகிறது. நயாகராவை அமெரிக்கக் கரையிலிருந்து பார்த்தால் பக்கவாட்டில்தான் தெரியும், முழுசாகப் பார்க்கக் கனடாப் பக்கம் போக வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கனடா நுழைய அந்த நாட்டின் பார்வையாளர் விசா தனியாக வேண்டும். அது இருந்து, 30 நாளுக்குள் திரும்பிவிட்டால், காலாவதியான அமெரிக்க விசாவையே காலம் நீட்டிக்கப்பட்டதாக எண்ணி உள்ளே விட விதி இருக்கிறது. மெக்சிகோவுக்கும் அதுவே. எஃப்-1 மாணவர்களுக்குக் கியூபா தவிர்த்த அருகிலுள்ள தீவுகளுக்கும் உண்டு. நிபந்தனை, செல்லுபடியாகும் ஐ-20இல் ட்ராவல் சிக்னேச்சரும் ஐ-94 அச்சும் கையில் இருக்க வேண்டும். அங்கே இருக்கும்போது புது அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டால் இந்தச் சலுகை போய்விடும், முடிவு வரும்வரை டொரன்டோவிலேயே காத்திருக்க வேண்டியதுதான். இந்த விதி எல்லை அதிகாரிகளுக்கு நன்றாகத் தெரியும். கவுன்ட்டரில் இருக்கும் விமான நிறுவன ஊழியருக்குத் தெரியாமல் இருக்கலாம். விதியின் அச்சைப் பையில் வைத்திருப்பவர்கள் அதனால்தான் வைத்திருக்கிறார்கள். ரத்து செய்யப்பட்ட விசாவுக்கு இந்தச் சலுகை கிடையாது.

ரத்து என்றால் பாஸ்போர்ட்டில் இருக்கும் ஸ்டிக்கர் அப்படியே இருக்கும், கணினியில் மட்டும் செத்துப்போயிருக்கும். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகக் கைதானால்கூட, வழக்கு முடிவதற்கு முன்பே வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்வதுண்டு. தகவல் விசா விண்ணப்பத்தில் கொடுத்த பழைய மின்னஞ்சலுக்கு வரும், அதை மாணவர் திறந்தே வருடமாகியிருக்கும். 2025 மார்ச், ஏப்ரலில் இன்னொன்று நடந்தது. ஆயிரக்கணக்கான மாணவர்களின் செவிஸ் பதிவுகள் அரசால் முடித்துவைக்கப்பட்டன. போக்குவரத்து விதிமீறல் அளவில் மட்டுமே வழக்கிருந்தவர்களும் அதில் இருந்தார்கள். நாடு முழுக்க வழக்குகள் பாய்ந்து, ஏப்ரல் கடைசியில் பதிவுகளைத் திரும்ப உயிர்ப்பிப்பதாக அரசு நீதிமன்றத்தில் சொன்னது. அந்தச் சமயத்தில் ஊரில் விடுமுறையில் இருந்தவரின் நிலைமையும், உள்ளே இருந்து வழக்குப் போட முடிந்தவரின் நிலைமையும் ஒன்றல்ல. பல பல்கலைக்கழகங்கள் அவசியமில்லாமல் வெளிநாடு போகாதீர்கள் என்று எழுதியது வெறும் முன்ஜாக்கிரதைப் பேச்சு இல்லை. கைது, அபராதம் என்று எது நடந்திருந்தாலும், சின்னது என்று தோன்றினாலும், டிக்கெட் போடுவதற்கு முன் டி.எஸ்.ஓ.விடமும் குடியேற்ற வழக்கறிஞரிடமும் சொல்லிவிடுவதே சரி. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு இலவச ஆலோசனை கிடைக்கும்.

கடைசியாக, படிப்பு முடித்து ஓபிடி என்ற பணிப் பயிற்சியில் இருப்பவர்கள். இவர்களும் மாணவர் அந்தஸ்தில்தான் இருக்கிறார்கள், அதே ஐ-20தான், ஆனால் கையெழுத்து ஆறு மாதத்துக்கே செல்லும். அதோடு வேலை அனுமதி அட்டையும், வேலையில் இருப்பதற்கான நிறுவனக் கடிதமும் வேண்டும். ஓபிடிக்கு விண்ணப்பிக்காமல், படிப்பு முடிந்த பிறகு கிடைக்கும் 60 நாள் அவகாசத்தில் ஊர் போனவருக்கு எந்தக் கையெழுத்தும் உதவாது. அந்த 60 நாள் கிளம்புவதற்கான அவகாசம், போய்விட்டுத் திரும்புவதற்கானது அல்ல. மே மாதப் பட்டமளிப்பு விழாவுக்கு அம்மா அப்பாவை வரவழைத்து, அவர்களோடு சேர்ந்து ஊருக்கு வந்து இரண்டு வாரம் இருந்துவிட்டு, ஜூனில் திரும்பி வேலை தேடலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஐ-20இன் முதல் பக்கத்தில் அச்சாகியிருக்கும் படிப்பு முடியும் தேதியைத்தான்.